ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு: மொழிபெயர்ப்புக்கு விலை சொல்வதற்கு முன் போடவேண்டிய கணக்கு

முதலில் ஒரு வரியைப் பாருங்கள். "Do not switch off the machine while the light is blinking." இதில் 11 சொற்கள். தமிழில் "விளக்கு மின்னும்போது இயந்திரத்தை அணைக்காதீர்கள்": நான்கே சொற்கள். எதை எண்ணி விலை சொல்கிறோம் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

1. மூலத்தை எண்ணுங்கள்

ஒரு கருவியின் பயனர் கையேடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேர்டில் Word Count பெட்டியைத் திறந்து, உரைப்பெட்டிகளையும் அடிக்குறிப்புகளையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். 4,200 என்று காட்டுகிறது. படங்களுக்குள் இருக்கும் எழுத்து இதில் வராது. அதைக் கையால்தான் எண்ண வேண்டும், 300 தேறியது. மொத்தம் 4,500.

2. மாதிரி செய்து பாருங்கள்

முன்னுரையை எடுக்காதீர்கள், அது எப்போதும் சுலபமாகத்தான் இருக்கும். நடுவிலிருந்து 250 சொற்களை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்துத் திருத்துங்கள். 50 நிமிடம் ஆனால், மணிக்கு 300 சொல். 4,500 சொல்லுக்கு 15 மணி நேரம். கடைசியாக முழுதும் ஒருமுறை படிக்க இன்னொரு 5 மணி. ஆக 20.

உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 90 என்றால் (எந்த நாணயமானாலும் சரி) மொத்தம் 1,800. அதை 4,500-ஆல் வகுத்தால் ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு 0.40.

3. தமிழ்ச் சொல் எண்ணிக்கையில் விலை கேட்டால்

மாதிரி தமிழில் 160 சொல்லாக வந்தது என்றால் விகிதம் 0.64. முழுக் கையேடு சுமார் 2,880 சொல். அதே 0.40 விலைக்கு ஒப்புக்கொண்டால் 1,152-தான் கிடைக்கும். நானும் ஒருமுறை இப்படித்தான் ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நான் கணக்குப் போடவில்லை. சரியான விலை 0.40 ÷ 0.64, அதாவது ஏறக்குறைய 0.63.

ஆனாலும் ஆங்கிலச் சொல் எண்ணிக்கையே நல்லது என்பேன். வேலை தொடங்கும் முன்பே தொகை இருவருக்கும் தெரிந்துவிடும். தவிர, "வந்துவிட்டது" என்பதைப் பிரித்து எழுதினால் இரண்டு சொல், சேர்த்தால் ஒன்று. அதில் வீண் சண்டை வரும்.

4. இடத்தை அளந்து பாருங்கள்

சொல் குறைகிறதே, பக்கமும் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. மேலும் கீழும் நீளும் குறிகளுக்காக வரி இடைவெளியும் கூட்ட வேண்டியிருக்கும். மாதிரியை வாடிக்கையாளரின் பக்க அமைப்பில் அதே எழுத்தளவில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 20 வரி பிடித்தது தமிழில் 24 வரி ஆனால், 30 பக்கக் கையேடு 36 பக்கத்தைத் தொடும். பொத்தான்களிலும் அட்டவணைக் கட்டங்களிலும்தான் முதலில் இடிக்கும்: நீண்ட சொல் பாதியில் வெட்டுப்படும்.

பக்க வடிவமைப்பும் உங்கள் வேலை என்றால் அதை மணிக்கணக்கில் தனி வரியாகப் போடுங்கள். இல்லையென்றால், அது இந்தத் தொகையில் அடங்காது என்று விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள்.