அறைப் படத்தில் எதை அழிக்கலாம்?

மண்டபம் ஊரில் எங்கள் மாடி அறையை வாடகைக்கு விடப் படம் எடுத்தேன். கொடியில் துணி, சுவரோரம் மீன்பெட்டி, மேசையில் மாத்திரை அட்டை என்று எல்லாமே விழுந்திருந்தன. போனில்தான் அழிக்கும் வசதி இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். துணி போனது, சரி. மீன்பெட்டியை அழித்ததும் அங்கே வழுவழுவென்று வெள்ளைச் சுவர் வந்து நின்றது! உண்மையில் அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. பக்கத்துச் சுவரைப் பார்த்து ஊகித்து வரைந்துவிடுகிறது.

அதனால் இப்போது பொருளை நகர்த்திவிட்டு மறுபடி எடுக்கிறேன். நாம் கையோடு எடுத்துப்போகிற சாமான் படத்தில் இல்லாமல் போகலாம். வீட்டோடு தங்கப்போகிற துருப்பிடித்த ஜன்னல் கம்பி, ஓதம், தொங்கும் ஒயர் எல்லாம் அப்படியே தெரிய வேண்டும். சுவரைப் பூசி வெள்ளையடித்தால், அப்புறம் தாராளமாகப் புதுப் படம் போடலாம். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம். கறை மறையும் அளவுக்குக் கூட்டக் கூடாது.

குடும்பப் படம், ரேஷன் கார்டு, பிள்ளையின் சான்றிதழ் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் மங்கலாக்குங்கள், மறைத்திருப்பது பார்ப்பவருக்கே தெரியும், பொய்ச்சுவர் வராது. பீரோக் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். என் முதல் படத்தில் நான் கைலியோடு நின்றுகொண்டிருந்தேன்.