நாலு பேர் இருக்கும் இடத்தில் மனேஜரைப் பற்றிப் பெயர் தெரியாமல் கருத்துக் கேட்பது எப்படி?

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். ஒரு மனேஜர், அவருக்குக் கீழே நாலு பேர்: ரிசெப்ஷனில் ஒருவர், கிச்சனில் இரண்டு பேர், அறைகளைப் பார்க்க ஒருவர். மனேஜர் எப்படி நடந்துகொள்கிறார் என்று அந்த நாலு பேரிடமும் கேட்க வேண்டும், யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வெளியே வரக்கூடாது. பெயர் கேட்காமல் ஒரு படிவம் போட்டால் போதாதா என்றால், போதாது.

ஏன் என்று பாருங்கள். 5 மதிப்பெண்ணுக்குக் கேட்கிறீர்கள், சராசரி 3.25 வருகிறது, நாலு பேரால் பெருக்கினால் மொத்தம் 13. மூன்று பேர் தனக்கு நெருக்கம், எப்படியும் 4 போட்டிருப்பார்கள் என்று மனேஜர் நினைத்தால் 12 போக மிச்சம் 1, அதைப் போட்டது யார் என்று அவரே முடிவுகட்டிவிடுவார். அவர் கணக்குத் தப்பாக இருந்தாலும் மாட்டிக்கொள்வது ஒருவர்தான். அதனால் சின்ன டீமில் மதிப்பெண்ணும் வேண்டாம், சராசரியும் வேண்டாம்.

1. பதில்களைப் பார்ப்பவர் வெளியாளாக இருக்கட்டும்

மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்க டவுனிலிருந்து வருகிறவர் மாதிரி, மனேஜருக்குக் கீழே இல்லாத ஒருவர். படிவத்தை அவருடைய சொந்த கூகுள் கணக்கில் செய்ய வேண்டும். கெஸ்ட் ஹவுஸின் பொதுக் கணக்கில் செய்தால் பாஸ்வேர்ட் தெரிந்த எல்லோரும் பதில்களைத் திறந்து பார்க்கலாம்.

2. Google Forms அமைப்புகள்

`Settings` > `Responses` போய் `Collect email addresses` என்பதை `Do not collect` ஆக்குங்கள். `Limit to 1 response` வேண்டாம். அதை வைத்தால் லொகின் செய்யச் சொல்லும். மின்னஞ்சல் உங்களுக்கு வராவிட்டாலும், படிவத்தின் மேலே தன் முகவரியைப் பார்க்கிறவர் அதை நம்பமாட்டார். இரண்டு தடவை யாராவது அனுப்பினால் என்ன செய்வது? எண்ணிக்கை நாலைத் தாண்டினால் அந்தச் சுற்றையே தூக்கிப்போடுங்கள், அவ்வளவுதான்.

பதில்களை Sheets உடன் இணைக்காதீர்கள். அதில் `Timestamp` என்றொரு நிரல் தானாக வரும், இரவு 2.10க்கு ஒரு பதில் வந்திருந்தால், அன்று நைட் டியூட்டி யார் என்று ரோஸ்டர் சொல்லிவிடும். புதுப் பதில் வந்ததும் மெயில் அனுப்பும் வசதியையும் நிறுத்திவையுங்கள். நாலும் வந்து சேரும்வரை திறக்காமல் இருந்து, பிறகு `Summary` மட்டும் பாருங்கள்.

3. கேள்விகள்: டிக் மட்டும், எழுத்து கிடையாது

'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்ற பெட்டிதான் பெரிய ஆபத்து. திருகோணமலையில் நாலு பேரில் ஒருவர் சிங்களத்தில் எழுதினால் அதோடு கதை முடிந்தது. எல்லோரும் தமிழில் எழுதினாலும், வட்ஸ்அப்பில் தினமும் வாசிக்கிற எழுத்து எப்படியும் அடையாளம் தெரியும். ஒரே படிவத்தில் இரண்டு மொழியிலும் கேள்வியைப் போடுங்கள், மொழிக்கு ஒரு படிவம் வேண்டாம். எந்தப் பிரிவு, எத்தனை வருடம் வேலை என்றெல்லாமும் கேட்காதீர்கள்.

மூன்று கேள்வி போதும், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நடத்தையைப் பற்றி:

டியூட்டி மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது
பிழை நடந்தால் விருந்தினர் முன்னால் ஏசாமல் தனியாகச் சொல்வது
லீவு கேட்டால் ஆம், இல்லை என்று நேரே பதில் தருவது

ஒவ்வொன்றுக்கும் 'இன்னும் கூட வேண்டும்', 'இப்போது இருப்பது போதும்', 'பதில் சொல்லவில்லை' என்று மூன்று தெரிவுகள். கடைசித் தெரிவு முக்கியம், சொல்ல விரும்பாதவரும் படிவத்தை அனுப்பிவிடலாம், 'இவன் மட்டும் அனுப்பவில்லை' என்ற பேச்சே வராது. நினைவூட்டுவதென்றாலும் குரூப்பில் பொதுவாகத்தான், தனித்தனியாக இல்லை.

4. மனேஜருக்குப் போகும் அறிக்கை

நாலு பதிலும் வராவிட்டால் அறிக்கை இல்லை. வந்தால், மூன்று பேரோ நாலு பேரோ ஒரே தெரிவைப் போட்டிருந்தால் 'பெரும்பாலானோர்' என்று எழுதுங்கள். நாலு பேரும் என்றால்கூட 'எல்லோரும்' என்று எழுதாதீர்கள், எழுதினால் ஒவ்வொருவர் பதிலும் வெளியாகிவிடும். மற்ற எல்லாச் சேர்க்கைக்கும் 'ஒருமித்த கருத்து இல்லை' என்ற ஒரே வரிதான். உதாரணமாக, முதல் கேள்விக்கு மூன்று பேர் 'இன்னும் கூட வேண்டும்', ஒருவர் 'போதும்' என்றால் மனேஜர் காண்பது: 'டியூட்டி மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது இன்னும் கூட வேண்டும் என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.' எண் எதுவும் இல்லை. பிறகு படிவத்தையே அழித்துவிடுங்கள்.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை: ஒருவருக்கு மட்டும் நடக்கிற அநியாயம் இந்த வலையில் சிக்காது. சம்பளப் பிடிப்பு, பாலியல் தொல்லை மாதிரி விஷயங்களுக்கு இந்தப் படிவத்தை நம்ப வேண்டாம், உரிமையாளரிடம் நேரே போக வேறு வழி இருக்க வேண்டும்.

5. அடுத்த சுற்று

இரண்டு சுற்றுக்கு நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து யார் போனதால் பதில் மாறியது என்று ஊகித்துவிடலாம். ஆள் மாறினால் அந்தச் சுற்றைத் தள்ளிப்போடுங்கள். இங்கே சீசன் முடிந்து கூட்டம் குறையும் ஒக்டோபர் மாதிரி ஒரு நேரத்தில், அந்த வருடம் வேலை செய்த அதே நாலு பேரும் இன்னும் இருக்கும்போது வைப்பதுதான் வசதி.