ஒரு, ஓர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். விழா மலர், படகு ஏல நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கல்வெட்டு வாசகம் எல்லாம் வரும். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஒரு’ என்பது தெரிந்தே இருக்கிறது. ஓர் ஊர், ஒரு படகு. அதில் யாரும் தடுமாறுவதில்லை. அவர்கள் தடுமாறுகிற இடங்களில்தான் நானும் ஒரு காலத்தில் விழுந்திருக்கிறேன்.

நடுவில் ஒரு சொல்லை நுழைப்பது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான். ஒரு கிராமத்துக்காரர்கள் தங்கள் ஊர்க் கதையைக் கிரானைட் கல்லில் வெட்டி வைக்க விரும்பினார்கள். ‘இங்கே ஓர் உப்பளம் இருந்தது’ என்று அடித்துக் கொடுத்தேன். சரியான வாக்கியம். மறுநாள் ஊர்ப் பெரியவர் போன் செய்தார். “தம்பி, அது சின்ன உப்பளமா? பெரியன்னு போடுங்க.” உப்பளத்துக்கு முன்னால் கர்சரை வைத்து ‘பெரிய’ என்று தட்டி அனுப்பிவிட்டேன். கல்லில் ‘ஓர் பெரிய உப்பளம்’ என்று வெட்டிவிட்டார்கள். திறப்பு விழாவன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து நின்றார். காகிதம் என்றால் அடுத்த அச்சில் திருத்தலாம், கல்லில் என்ன செய்வது? என் செலவில் வேறு கல் வெட்டிக் கொடுத்தேன்.

எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்பதற்கு இந்த விதியில் வேலையே இல்லை. ‘ஒரு’ என்பது உகரத்தில் முடிகிறது. அடுத்ததும் உயிரானால் இரண்டு உயிர்கள் மோதும். அதனால் உகரம் விழுந்து, முன்னால் இருக்கும் ஒகரம் நீண்டு ‘ஓர்’ ஆகிறது. அந்த ‘ர்’ அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும்: ஓர் ஊர், ஓரூர். ‘பெரிய’ வந்து நின்றால் ‘ர்’ ஒட்ட உயிர் கிடையாது. தொட்டடுத்த எழுத்து எதுவோ அதுதான் கணக்கு. ஆகவே ஓர் ஆமை, ஒரு கிழட்டு ஆமை, ஓர் இளம் மீனவர், ஒரு மீனவ இளைஞர்.

சொல்லை வெட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. ‘ஒரு சிறிய ஓலைக்கொட்டகை’யில் இடம் போதவில்லை என்று ‘சிறிய’வை எடுத்தால் ‘ஒரு ஓலைக்கொட்டகை’ மிஞ்சும். அதனால் என் கடையில் இந்தத் திருத்தம் கடைசி வேலை. வாடிக்கையாளர் சொன்ன மாற்றமெல்லாம் முடிந்த பிறகு, ‘ஓர்’ என்று தேடி ஒவ்வொன்றின் அடுத்த எழுத்தையும் பார்க்க வேண்டும். அப்புறம் ‘ஒரு’ என்று தேடி இன்னொரு முறை.

தேடலில் சிக்காதவை

‘ஒரு’ என்று தேடினால் ‘ஒவ்வொரு ஆண்டும்’, ‘இன்னொரு ஊர்’, ‘மற்றொரு இடம்’ கண்ணில் படாது. அங்கே ‘ஒ’ தனி எழுத்தாக இல்லை, முந்தைய மெய்யோடு சேர்ந்து வொ, னொ, றொ என்று உருமாறிவிட்டது. ‘ொரு’ என்று தனியாகத் தேட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும், இன்னோர் ஊர், மற்றோர் இடம் என்று வரும்.

ஒரே

மாறாது. ஒரே இரவு, ஒரே படகு.

எண்ணில் எழுதினால்

1 ஏக்கர். அப்படியே விடுங்கள்.

ஆங்கிலச் சொற்கள்

தமிழில் எப்படி எழுதுகிறோமோ அதைப் பார்த்தால் போதும். ஓர் ஐஸ் பெட்டி, ஓர் இன்ஜின். ஆனால் ஒரு யூனிட். ஆங்கிலத்தில் அது உயிரெழுத்தில் தொடங்கினாலும், தமிழில் ‘யூ’ உயிர்மெய்.

யானை

இன்றைய உரைநடையில் ‘ஒரு யானை’ என்றே எழுதுகிறோம், நானும் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் தொல்காப்பியம் உயிரோடு ‘யா’வையும் சேர்த்து, அதன் முன்னும் ‘ஓர்’ வரும் என்கிறது. பழைய உரைகளில் ‘ஓர்யானை’, ‘ஓர்யாழ்’ என்றே எடுத்துக்காட்டு இருக்கும். பழம்பாடலைத் தட்டச்சு செய்யும்போது அதைக் கண்டு ‘ஒரு’ ஆக்கிவிடாதீர்கள். மூலத்தில் உள்ளதை மாற்ற நமக்கு உரிமையில்லை.

பேச்சைத் திருத்துவது

கரையில் யாரும் ‘ஓர்’ என்று பேசுவதில்லை. விழா மலருக்காக ஒரு மீனவரிடம் பேட்டி எடுத்திருந்தார்கள். “ராவெல்லாம் கெடந்தும் ஒரு இறால்கூட படலண்ணே” என்று அவர் சொன்னது. பழகுகிற தம்பி அதை ‘ஓர் இறால்கூட’ என்று மாற்றிவிட்டான். ‘ராவெல்லாம்’, ‘படலண்ணே’ இரண்டும் அப்படியே இருக்க, நடுவில் ‘ஓர்’ மட்டும் மேடையேறி நின்றது. மேற்கோள் குறிக்குள் ஒருவரின் பேச்சு இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது. அதே செய்தியைக் கட்டுரையாளர் தன் வார்த்தையில் எழுதும்போது, ‘அன்று இரவு ஓர் இறால்கூடக் கிடைக்கவில்லை’ என்று போடலாம். அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் பழையபடி மாற்றினோம்.