வயசான ஆக்கள்ட தோல் உரிஞ்சு கிழிஞ்சா வீட்டில என்ன செய்யிறது (சொறிச்சலுக்கும் சேத்து)

வீட்டில எண்பது தாண்டின அம்மாவோ அப்பாவோ இருந்தா இது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். கட்டில் விளிம்பில கை லேசா உரசுப்பட்டாலே தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு வந்திடும், ரத்தம் வாற அளவைப் பாத்தா என்னவோ பெரிய வெட்டுக்காயம் எண்டு நினைப்பீங்க. வயசு போகப் போக மேல்தோலும் அடித்தோலும் ஒண்டை ஒண்டு பிடிச்சிருக்கிற பிடி தளர்ந்திடுது, அடியில கொழுப்பும் குறைஞ்சிடுது, அதாலதான் வெட்டாமலே உரியுது. பிரெட்னிசோலோன் குளிசை கனகாலம் போட்ட ஆக்களுக்கும் சொறிச்சலுக்கு எண்டு ஸ்டீரொய்ட் கிறீம் மாசக்கணக்கா பூசின ஆக்களுக்கும் இன்னும் மோசம்.

தாதிமார்ட கேட்டு, அம்மாக்கு நானே செய்து பழகினதைத்தான் எழுதுறன். காயம் கழுவி பண்டேஜ் கட்டுறது உங்களுக்குத் தெரியும்தானே, அதை விரிச்சு எழுதேல்ல. கனபேர் தடுமாறுறது உரிஞ்ச தோலை என்ன செய்யிறது எண்ட இடத்தில, அங்கதான் நிண்டு சொல்லப்போறன்.

வீட்டில வச்சிருக்க வேண்டியது

சேலைன் போத்தில், பரபின் கோஸ் (வஸ்லின் தடவின வலை மாதிரித் துணி, பாமசில ஒவ்வொண்டா பக்கெட்டில கிடைக்கும்), சும்மா கோஸ், மெல்லிய கோஸ் பண்டேஜ் றோல், கிளவுஸ், காது குடையிற பஞ்சுக்குச்சி, ஒரு பேனை. பேனை ஏன் எண்டு பிறகு சொல்றன். காசு இருந்தா சிலிக்கோன் டிரெஸிங் வாங்குங்க, விலைதான், ஆனா கழட்டேக்க தோலைப் பிடிச்சு இழுக்காது, என்ர ஓட்டு அதுக்குத்தான். சாதாரண பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம், பேப்பர் பிளாஸ்டரும் இந்தத் தோலுக்குக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காட மாமிக்கு சின்னக் காயம் ஒண்டுக்கு பிளாஸ்டர் ஒட்டி, அதைக் கழட்டப்போய் அதே அளவில இன்னொரு காயம் வந்தது.

1. ரத்தத்தை நிப்பாட்டுங்க

சுத்தமான துணியை வச்சு உள்ளங்கையால அழுத்திக்கொண்டு கையை நெஞ்சு உயரத்துக்கு மேல தூக்கிப் பிடியுங்க. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா திறந்து பாக்காதீங்க, உறைஞ்சது திரும்ப உடையும். அஸ்பிரின், குளோப்பிடோகிறெல், வார்பரின் எடுக்கிற ஆக்களுக்கு கூட நேரம் எடுக்கும். கால் மணித்தியாலம் விடாம அழுத்தியும் நிக்கேல்ல எண்டா பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, வாகனம் இல்லாட்டி 1990க்கு அடியுங்க.

2. கழுவுங்க

சேலைன், அல்லது கொதிக்க வச்சு ஆறின தண்ணி. தோலுக்குக் கீழ உறைஞ்சு கிடக்கிற ரத்தக்கட்டி, மண், துணி நூல் எல்லாம் போற அளவுக்கு ஊத்தினா காணும், தேய்க்கக் கூடாது. டெற்றோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் மூண்டையும் தள்ளி வையுங்க, கிருமியோட சேத்து நல்ல தோலையும் கருக்கும். மஞ்சள், கோப்பித்தூளும் வேண்டாம், பிறகு அதைக் கழுவி எடுக்கிறதுதான் பெரிய வேலை. திறந்த சேலைன் போத்திலை அடுத்த நாளுக்கு வைக்காதீங்க.

3. உரிஞ்ச தோலைத் திருப்பி வைக்கிறது

இதுதான் முக்கியம். உரிஞ்சு தொங்குற தோலைக் கண்டோடன கத்திரிக்கோலால வெட்டிவிடத்தான் கை போகும். வெட்டாதீங்க. ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்தத் தோலுக்கு ரத்தம் போகும், அதைத் திருப்பிப் படுக்க வச்சா திரும்ப ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கு, அப்பிடி ஒட்டாட்டியும் அடியில புதுத்தோல் வாற வரைக்கும் அதைவிட நல்ல மூடி வேற இல்லை.

அம்மாட காயத்தை வச்சே சொல்றன். முன்னங்கையில, கட்டில் கொளுக்கி பட்டு, மணிக்கட்டுப் பக்கம் கிழிஞ்சு முழங்கைப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு இருந்தது. தோல் மேல்நோக்கி சுருண்டு பாய் சுருட்டின மாதிரி கிடந்தது, பாத்தா தோலே இல்லாத மாதிரித்தான் தெரியும். அந்தச் சுருளைக் காய்ஞ்சபடி இழுத்தா கிழிஞ்சு கையோட வந்திடும். அதால சேலைனில நனைச்ச கோஸை அது மேல போட்டு 5 தொடக்கம் 10 நிமிசம் விட்டிட்டு வேற வேலை பாக்கலாம். பிறகு பஞ்சுக்குச்சியை சேலைனில நல்லா நனைச்சு (காய்ஞ்ச பஞ்சு ஒட்டும், நூல் நூலா விடும்) முழங்கைப் பக்கத்தில இருந்து மணிக்கட்டுப் பக்கமா, சுருளை உருட்டி உருட்டி விரிச்சுக்கொண்டு வரவேணும். கிளவுஸ் போட்ட விரலை நனைச்சும் செய்யலாம், எனக்கு குச்சிதான் வசதி.

இனி ஒரு விசயம். தோல் சுருங்கிப்போயிருக்கும், காயத்தின்ர மற்றக் கரை வரைக்கும் எட்டாது, ஒரு விரல் அகலம் சிவப்பா மிச்சம் நிக்கும். எட்டப்பண்ண இழுக்காதீங்க. இழுத்து வச்சா ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு முழுத்தோலும் கறுத்துச் செத்துப்போகும், எட்டின இடம் வரைக்கும் விட்டா மிச்சம் தானா ஆறும். கரையைச் சுத்தி ஒற்றி ஈரத்தை எடுங்க.

தோல் முழுக்க கழண்டு போய் சிவப்பு மட்டும் தெரிஞ்சா இந்தப் படியே இல்லை, நேரா அடுத்ததுக்குப் போங்க, ஆனா அண்டைக்கே ஒரு டொக்டர் பாக்கிறது நல்லம்.

4. மூடுறது, அம்புக்குறி போடுறது

பரபின் கோஸ், அதுக்கு மேல சும்மா கோஸ், பிறகு கோஸ் பண்டேஜைச் சுத்துங்க, ஒரு விரல் உள்ள போற அளவு தளர்வா. பண்டேஜ் நுனியை ஒட்டவேணும் எண்டா பண்டேஜ் மேலயே ஒட்டுங்க, தோலில பிளாஸ்டர் படவே கூடாது.

இப்ப பேனை. தோல் ஒட்டியிருக்கிற பக்கத்தில தொடங்கி கிழிஞ்ச பக்கம் நோக்கி டிரெஸிங் மேல ஒரு அம்புக்குறி கீறுங்க, அண்டைய திகதியையும் போடுங்க. கழட்டேக்க அந்த அம்பு போற திசையிலதான் உரிக்கவேணும். மாறி உரிச்சா கஷ்டப்பட்டு படுக்க வச்ச தோல் டிரெஸிங்கோட எழும்பி வந்திடும். நீங்க இல்லாத நேரம் தம்பியோ வேலைக்கு வாற அக்காவோ கழட்ட வேண்டி வரும், அவைக்கு எது எந்தப் பக்கம் எண்டு தெரியாது, அதுக்குத்தான் எழுதி வைக்கிறது.

5. கழட்டுறது

ஆசைப்பட்டு ஒவ்வொரு நாளும் திறக்காதீங்க. சிலிக்கோன் எண்டா, நனைஞ்சு வெளிய ஊறாட்டி, நாலஞ்சு நாள் விடலாம். பரபின் கோஸ் காய்ஞ்சு ஒட்டும், அதை ரெண்டு நாளுக்கு ஒருக்கா பாக்கவேணும், சேலைன் ஊத்தி நல்லா ஊறவிட்டு, தானா வழுகினாப்பிறகு அம்புத் திசையில எடுங்க.

திறந்தா தோல் இளஞ்சிவப்பா இருந்தா நல்லம். நீலம் பாய்ஞ்சு கறுத்திருந்தா அது பிழைக்காமப் போகலாம், காட்டுங்க. சிவப்பு சுத்திப் பரவினா, சூடா இருந்தா, சீழ், மணம், காய்ச்சல், நோ கூடினா பாத்துக்கொண்டு இருக்காதீங்க. வீங்கின காலில வாற காயம், சீனி வருத்தக்காரர்ட கால் காயம் இது ரெண்டையும் வீட்டில வச்சுப் பாக்கவே வேண்டாம். ஏற்புத்தடுப்பூசி கடைசியா எப்ப போட்டது எண்டும் கேப்பினம், யோசிச்சுக்கொண்டு போங்க.

இனி சொறிச்சல்

சொறிச்சலை நிப்பாட்டாம காயத்தை மட்டும் பாத்தா, நித்திரையில நகம் பட்டே அடுத்த காயம் வந்திடும். கனபேருக்கு காரணம் வறட்சிதான், கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில அம்மாட கெண்டைக்கால் செதில் செதிலா வெடிக்கும். 2014ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில, முதியோர் இல்லங்களில நாளைக்கு ரெண்டு தரம் கைகால்களுக்கு மொயிஸ்சரைசர் பூசின ஆக்களுக்கு இப்பிடித் தோல் கிழியிறது கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சது. நான் வாசனை இல்லாத வெள்ளை வஸ்லின்தான் பாவிக்கிறன், பிசுபிசுப்பு எண்டு அம்மா புறுபுறுப்பா, பரவாயில்லை. தேங்காயெண்ணெய்யும் சரி, கிழியாத தோலில மட்டும். குளிச்சு ஒற்றித் துடைச்சு மூண்டு நிமிசத்துக்குள்ள, ஈரம் முழுக்கக் காய முந்தி, மயிர் படிஞ்ச திசையில மேல இருந்து கீழ தடவுங்க, அழுத்தித் தேய்ச்சா அதாலயே தோல் போகும்.

குளிப்பு இளஞ்சூட்டுத் தண்ணியில, கெதியா முடிக்கவேணும், சவுக்காரம் கக்கம், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். கடலைமா, பீர்க்கங்காய் நார் ரெண்டையும் மறந்திடுங்க. சொறிச்சலுக்கு நல்லம் எண்டு கன்னியா வெந்நீரூற்றுக்கு கூட்டிக்கொண்டு போற பழக்கம் எங்கட பக்கம் இருக்கு, அந்த நேரம் சுகமாத்தான் இருக்கும், ஆனா சுடுதண்ணி தோலில இருக்கிற எண்ணெயைக் கழுவிடும், அண்டிரவு ரெண்டு மடங்கா சொறிவினம்.

ஒரு பயமான விசயமும் சொல்லவேணும். வஸ்லின் ஊறின சீலை நெருப்புப் பட்டா கெதியா பத்தும், தோய்ச்சாலும் முழுக்கப் போகாது. அம்மா சாமியறையில குத்துவிளக்கு கொளுத்துவா, இப்ப திரி கொளுத்துறது நான்தான். உள்ளங்காலில பூசினா வழுக்கும், பூசினா சொக்ஸ் போட்டு விடுங்க.

சொறிச்சல் எல்லாம் வறட்சியும் இல்லை. ராவில கூடி, விரல் இடுக்கில சின்னப் பருக்கள் வந்து, வீட்டில மற்ற ஆக்களும் சொறிஞ்சா அது சிரங்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில மருந்து வேணும். சொறிச்சலோட இறுக்கமான நீர்க்கொப்புளம் வந்தா உடன தோல் கிளினிக்குக்கு காட்டுங்க. ரெண்டு மூண்டு கிழமை ஒழுங்காப் பூசியும் குறையேல்ல எண்டா சிறுநீரகம், ஈரல், தைரொயிட், இரும்புச்சத்து எல்லாம் ரத்தத்தில பாக்கவேண்டி வரும். பிரிட்டோன் குளிசையை நீங்களா குடுக்காதீங்க, வறட்சிச் சொறிச்சலுக்கு அது பெருசா உதவாது, வயசான ஆக்களுக்கு தலை தடுமாறி விழுவினம்.

நகம் ரெண்டு பேருக்கும் வெட்டி அராவவேணும், உங்களுக்கும்தான். மோதிரம், மணிக்கூடு, காப்பு கழட்டி வச்சிட்டுத் தூக்குங்க. கையைப் பிடிச்சு இழுத்து எழுப்பாம, அடியில விரிச்ச பழைய சாரத்தோட ரெண்டு பேர் சேந்து நகத்துங்க.

பிறகு சேத்தது: கை உரசுப்படாம இருக்க என்ன போடுறது எண்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. நீளமான பழைய பருத்திச் சொக்ஸில விரல் பக்கத்தை வெட்டிட்டு கையில மாட்டி விடுங்க, மணிக்கட்டில இருந்து முழங்கை வரைக்கும் வரும். இறுக்கமான றப்பர் இருந்தா அதையும் வெட்டுங்க, இல்லாட்டி அந்த இடத்தில தடம் விழும்.

இன்னொரு அண்ணா கோஸ் ஊறவிட்டும் வரேல்ல எண்டு எழுதியிருந்தார். அப்ப அதை விட்டிடுங்க அண்ணா, கோஸின்ர ஒட்டாத கரைகளை மட்டும் வெட்டிட்டு மேல புது டிரெஸிங் போடுங்க, அடுத்த முறை இன்னும் கனநேரம் ஊறவிட்டு எடுக்கலாம். சீழோ மணமோ இருந்தா மட்டும் அண்டைக்கே காட்டுங்க.