E° எப்போது பூஜ்ஜியம் ஆகும்? மின்கலக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

டேனியல் மின்கலத்தை வைத்து நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் திட்ட மின்னழுத்தம் E° 1.10 வோல்ட். செறிவைப் பத்து மடங்கு மாற்றினாலும் விடை 0.03 வோல்ட்தான் நகரும், அதனால் E-யையும் E°-யையும் குழப்பிக்கொண்டால்கூடத் தவறு கண்ணில் படாது. அதனால் இங்கே வெள்ளீயம், காரீயம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

Sn + Pb²⁺ → Sn²⁺ + Pb

காரீயத்தின் திட்ட மின்னழுத்தம் −0.13, வெள்ளீயத்துக்கு −0.14. கழித்தால் E° = +0.01 வோல்ட், அவ்வளவுதான். இப்போது Sn²⁺ செறிவு 1.0 M, Pb²⁺ செறிவு 0.1 M என்று வைப்போம். வினை குணகம் Q = 1.0/0.1 = 10. திடமாக இருக்கும் இரண்டு உலோகங்களும் Q-க்குள் வராது. கைமாறும் எலக்ட்ரான்கள் இரண்டு, அதனால் n = 2.

E = E° − (0.0592/n) log Q = 0.01 − 0.0296 ≈ −0.02 வோல்ட்

குறி மாறிவிட்டது. E° நேர்க்குறியில் இருக்கிறதே, வினை தன்னிச்சையாக நடக்கும் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். E° சொல்வது எல்லா அயனிகளும் 1 M இருந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும். நம் கையில் இருக்கும் கலத்தில் வினை பின்னோக்கி ஓடும்: காரீயம் கரையும், வெள்ளீயம் படியும். ஆற்றல் கணக்கும் அதையே சொல்கிறது. ΔG° = −nFE° போட்டால் சுமார் −1.9 கிலோஜூல், ΔG = −nFE போட்டால் +3.8 கிலோஜூல். எந்தப் பக்கம் ஓடும் என்று தீர்மானிப்பது ΔG. (F-ஐ 96485 என்று போட்டால் விடை ஜூலில் வரும், ஆயிரத்தால் வகுக்க மறப்பவர்கள் ஏராளம்.)

அடுத்தது, நான் அதிகம் பார்க்கிற தவறு. சமநிலையில் மின்னழுத்தம் பூஜ்ஜியம் என்று படித்திருப்போம், உடனே E° = 0 என்று எழுதிவிடுவார்கள். பூஜ்ஜியம் ஆவது E. E° என்பது செறிவு எப்படி மாறினாலும் அசையாது. கலத்தை அப்படியே ஓடவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே கன அளவு என்றால், Pb²⁺ சுமார் 0.35 M வரை ஏறும், Sn²⁺ 0.75 M வரை இறங்கும், வோல்ட்மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். அப்போதும் E° அதே 0.01 தான். அந்த நிலையில் Q-வின் மதிப்பைத்தான் சமநிலை மாறிலி K என்கிறோம், எனவே log K = nE°/0.0592 = 0.34, K ≈ 2.2. மேலே சொன்ன 0.75-ஐ 0.35-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுவே வரும்.

சரி, இந்தச் சூத்திரத்தில் E°-க்குப் பதிலாக நாம் கண்டுபிடித்த −0.0196-ஐப் போட்டால் என்ன ஆகும்? 0.22 கிடைக்கும். பார்க்க நியாயமான எண் மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. உண்மையில் அது K/Q. கலம் சமநிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத்தான் E சொல்கிறது என்பதால், அதை K சூத்திரத்தில் போட்டால் அந்த விகிதம்தான் வெளியே வரும். விடையை Q-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.2 வந்துவிடும்.

அப்புறம் n. சமன்பாட்டை இரண்டால் பெருக்கி 2Sn + 2Pb²⁺ என்று எழுதினால் n = 4, Q = 100. E மாறாது, அதே −0.0196. ஆனால் ΔG இரு மடங்காகும், K வர்க்கமாகி சுமார் 4.7 ஆகும். n-ஐ மாற்றிவிட்டு Q-வின் அடுக்கை மாற்ற மறந்தால் மட்டுமே E மாறும். எனவே E மாறினால் கணக்கில் எங்கோ பிழை என்று அர்த்தம்.

0.0592 என்பது 25°C-க்கு மட்டும், அதுவும் log₁₀-க்கு மட்டும். ln போட்டால் 0.0257. மே மாதம் மின்விசிறி இல்லாத ஆய்வகத்தில் 35°C இருந்தால் 0.0611.

கடைசியாக, 2.2 என்ற விடையை ரொம்ப நம்பிவிடாதீர்கள். இரண்டு நெருக்கமான எண்களைக் கழித்துத்தான் 0.01 கிடைத்தது. அது 0.012 ஆக இருந்தால் K சுமார் 2.5 ஆகிவிடும். போதாததற்கு 1 M கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும், செறிவை அப்படியே Q-வில் போடுவது தோராயம்தான். டேனியல் கலத்தில் இது யாருக்கும் உறைக்காது, அங்கே K 10³⁷ அளவில் இருப்பதால் அது 3 × 10³⁷ என்றாலும் 1 × 10³⁷ என்றாலும் செம்பு அயனி தீரும்வரை வினை ஓடத்தான் போகிறது.