விசாரித்த தேதியா, விற்ற தேதியா? விளம்பரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தூர் பக்கம் மா ஒட்டுக்கன்று நர்சரி வைத்திருக்கிறோம். போன வருடம் ஜூலை கடைசியில் நானும் தம்பியும் உட்கார்ந்து விளம்பரக் கணக்குப் பார்த்தோம். கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியில் ஸ்டால் போட 22,000 ரூபாய் ஆகியிருந்தது. அங்கே வந்து விசாரித்த 70 பேரில் அதுவரை கன்று எடுத்தவர்கள் 2 பேர்தான். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களில் 10 பேர் எடுத்திருந்தார்கள். "அடுத்த வருஷம் ஸ்டால் வேண்டாம்ணா, அந்தக் காசையும் பேஸ்புக்லயே போட்டுடலாம்" என்றான் தம்பி. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அக்டோபர் கடைசியில் அதே ஷீட்டைத் திறந்தபோது கணக்கு தலைகீழாக இருந்தது. ஸ்டாலில் பேசிவிட்டுப் போனவர்களில் 14 பேர் கன்று எடுத்துவிட்டார்கள். பேஸ்புக்கில் 10 என்பது 12 ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

காரணம் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. பேஸ்புக் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துக்கோ, வாங்கிப் போட்ட சின்ன நிலத்துக்கோ கன்று தேடுகிறவர்கள். பிடித்தால் அந்த வாரமே வண்டியோடு வந்துவிடுவார்கள். ஸ்டாலுக்கு வருகிறவர் விவசாயி. பெங்களூராவா செந்தூராவா என்று வீட்டில் பேச வேண்டும், குழி எடுக்க வேண்டும், சொட்டுநீர் போட வேண்டும், அப்புறம் ஆடி, ஆவணி மழை இறங்க வேண்டும். ஜூன், ஜூலையில் பேசியவர் செப்டம்பரில்தான் பணத்தோடு வருவார்.

நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். அந்தந்த மாதச் செலவையும் அந்தந்த மாத விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஜூலைச் செலவு ஜூலையிலேயே திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது போல ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால் செப்டம்பரில் வந்த பணம், செப்டம்பரில் ஓடிக்கொண்டிருக்கிற விளம்பரத்தின் கணக்கில் போய்ச் சேரும். அதனால் விற்பனை எப்போது நடந்தாலும், அந்த ஆள் முதலில் விசாரித்த தேதியோடுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஷீட்டில் 'விசாரணை' என்று ஒரு தாள், ஓர் ஆளுக்கு ஒரே ஒரு வரி. A-யில் விசாரித்த தேதி, B-யில் போன் எண், C-யில் எங்கிருந்து தெரிந்தது, D-யில் விற்ற தேதி, E-யில் எத்தனை கன்று, F-ல் தொகை. விற்பனை நடந்தால் புது வரி போடக் கூடாது. பழைய வரிக்கே போய் D, E, F-ஐ நிரப்ப வேண்டும். 'செலவு' தாளில் தேதி, எங்கே, தொகை. மூன்றாவது தாளில் A2-வில் 'ஸ்டால்' என்று எழுதிவிட்டு, அந்த சீசனின் விற்பனையை இப்படி எடுக்கலாம்:

```
=SUMIFS('விசாரணை'!F:F,'விசாரணை'!C:C,A2,'விசாரணை'!A:A,">="&DATE(2024,4,1),'விசாரணை'!A:A,"<"&DATE(2025,4,1))
```

இதில் தேதி நிபந்தனை A-யின் மேல் இருக்கிறது, D-யின் மேல் இல்லை. விசாரித்த தேதியை வைத்து எடுப்பது என்பது இந்த ஓர் எழுத்துதான்.

எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது? D-யிலிருந்து A-யைக் கழித்தால் ஒவ்வொருவரும் எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் என்று வரும். அந்த நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக அடுக்கினால், எங்களுக்கு பேஸ்புக் ஆட்களில் நடுவில் நிற்பவர் 12 நாள், ஸ்டால் ஆட்களில் 80 நாள். இதை சீசன் முடிந்த பிறகு பார்க்க வேண்டும். ஜூலையிலேயே பார்த்திருந்தால், சீக்கிரம் வாங்கிய அந்த 2 பேரின் நாட்கள் மட்டும் தெரிந்திருக்கும். ஸ்டாலும் வேகமாக விற்கிற இடம்தான், ஆனால் ஆள்தான் வரவில்லை என்று நினைத்திருப்போம்.

இரண்டாவது தவறு, விற்ற தொகையைச் செலவோடு ஒப்பிடுவது. பேஸ்புக்கில் வந்த 12 பேர் எடுத்தது 480 கன்று. கன்று 80 ரூபாய் என்றால் 38,400. விளம்பரத்துக்கு 15,000 போட்டு 38,400 வந்தது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? ஆனால் வேர்ச்செடி, பை, மண், ஒட்டுக் கட்டும் கூலி, தண்ணீர், ஒட்டுப் பிடிக்காமல் போன கன்றுகளின் செலவு எல்லாம் சேர்த்து ஒரு கன்றுக்கு எங்களுக்கு 45 ரூபாய் ஆகிறது. மிச்சம் 35. 480 கன்றுக்கு 16,800 ரூபாய். இதைத்தான் விளம்பரச் செலவுக்கு எதிரே வைக்க வேண்டும்.

சரி, அப்படியும் 1,800 ரூபாய் லாபம்தானே என்றால், அதுவும் இல்லை. விளம்பரப் பக்கத்தில் காட்டுகிற 15,000-க்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வங்கியிலிருந்து போனது 17,700. கன்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், விளம்பரத்தில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் எங்களுக்கு வழியில்லை. ஆக 900 ரூபாய் நஷ்டம். செலவுத் தாளில் எப்போதும் வங்கிக் கணக்கில் குறைந்த தொகையைத்தான் எழுத வேண்டும், திரையில் காட்டுகிற தொகையை அல்ல. ஸ்டாலுக்கும் அதே நியாயம்: 22,000-ல் வாடகை மட்டுமில்லாமல் பேனர், வண்டி, இரண்டு ஆள் கூலி, சாப்பாடு எல்லாம் இருக்கிறது.

ஸ்டால் ஆட்கள் 14 பேரும் சேர்ந்து 2,100 கன்று எடுத்தார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அடர் நடவு என்றால் ஏக்கருக்கே 160 கன்று வேண்டுமே! மிச்சம் 73,500, ஸ்டால் செலவு போக 51,500. பேஸ்புக்கில் வந்த 240 விசாரணையை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பதில் சொல்லியே தம்பிக்குத் தொண்டை கட்டியது.

இந்தக் கணக்கெல்லாம் C பத்தியில் எழுதுவது சரியாக இருந்தால்தான் நிற்கும். முதல் மாதம் ஒருவர் 'பேஸ்புக்' என்றும், இன்னொருவர் 'முகநூல்' என்றும், மூன்றாமவர் 'FB' என்றும் எழுதியிருந்தோம். ஷீட்டுக்கு அவை மூன்றும் வேறு வேறு. Data validation போட்டு, பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் 'தெரிந்தவர் சொன்னார்', 'தெரியவில்லை' இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். 'தெரியவில்லை' இல்லாவிட்டால், அவசரத்தில் போன் எடுக்கிறவர் பட்டியலில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுவார். எங்கள் ஷீட்டில் முதலில் இருந்தது பேஸ்புக்.

ஒரே ஆள் போச்சம்பள்ளி சந்தையில் நோட்டீஸ் வாங்கி ஒரு முறை, ஸ்டாலில் பார்த்து ஒரு முறை விசாரிப்பதும் உண்டு. எண்ணைப் பத்து இலக்கமாக, +91 இல்லாமல், இடைவெளி இல்லாமல் எழுதினால் இது உடனே தெரியும்:

```
=COUNTIF(B:B,B2)
```

2 வந்தால் இரண்டு வரியையும் ஒன்றாக்கி, முதலில் எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் C-யில் வைக்கிறோம். இரண்டாவது இடத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டுதான். ஆனால் அதைப் பிரித்துப் போட ஆரம்பித்தால், போன் எடுக்கிற ஆள் ஷீட்டையே எழுத மாட்டார்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்டாலில் வந்த 2,100 கன்றில் 600 கன்று ஒரே ஆள் எடுத்தது. அப்படி ஒருவர் ஒவ்வொரு வருடமும் வருவார் என்று நம்ப முடியாது. அவர் வரியை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்: 1,500 கன்று, மிச்சம் 52,500, செலவு போக 30,500. அப்போதும் லாபம் நின்றது. அதற்குப் பிறகுதான் இந்த வருட ஸ்டாலுக்கு முன்பணம் கட்டச் சொன்னேன்.