பல் எண்ணை மாற்றும்போது கணினியிடம் மொத்தமாக விடாதீர்கள்

அமெரிக்காவில் பல் பார்த்துவிட்டுப் புதுச்சேரி திரும்புகிறவர்களின் பதிவுகளில் பற்களுக்கு 1 முதல் 32 வரை எண் இருக்கும். நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் எஃப்.டி.ஐ. எனும் ஈரிலக்க எண் முறை. 9, 10, 19, 20, 29, 30 ஆகிய எண்கள் எஃப்.டி.ஐ.யில் கிடையாது, அவற்றில் ஒன்று தென்பட்டாலே அது அமெரிக்க முறைதான்.

கோப்பைத் திறந்து 'கண்டுபிடி, மாற்று' கொடுப்பதுதான் வம்பு. மேல் இடது முதல் கடைவாய்ப்பல் அங்கே 14, இங்கே 26. ஆனால் அங்கே 26 என்பது கீழ் வலது பக்கவெட்டுப்பல். இங்கே அது 42. முதலில் 14-ஐ 26 ஆக்கிவிட்டு, அப்புறம் 26-ஐ 42 ஆக்கினால், கடைவாய்ப்பல்லில் அடைத்த வெள்ளி முன்பல்லுக்குப் போய்விடும்! ஈறு ஆழம் 4 மி.மீ. என்ற அளவும், தேதியும்கூடத் தப்பாது.

பழைய எண்ணைத் தொடாமல் பக்கத்தில் புது நெடுவரிசை போட்டு எழுதுங்கள். நிலைப்பற்களுக்குக் கணக்கு சுலபம்: 1–8 என்றால் 19-இலிருந்து கழியுங்கள், 9–16க்கு 12 கூட்டுங்கள், 17–24 என்றால் 55-இலிருந்து கழியுங்கள், 25–32க்கு 16 கூட்டுங்கள். MOD போன்ற, பல்லின் பரப்பைக் குறிக்கும் எழுத்துகள் அப்படியே இருக்கட்டும்.